முதலில் காப்பு நிதி, பிறகுதான் பங்கு ஈவு: பேரவைக்கு முன் உறுப்பினர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பேரவைக் கூட்ட அறிவிப்பும் தணிக்கை முடிந்த கணக்கின் சுருக்கமும் உங்கள் கைக்கு வந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்கு வந்த இளம் உறுப்பினர்கள் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "நிகர லாபம் 8 லட்சம், பங்கு மூலதனம் 40 லட்சம். 20 சதவீதம் டிவிடெண்ட் கொடுக்கலாமே சார், ஏன் 10 சதவீதம்தான் போட்டிருக்கீங்க?"

கேள்வியில் தப்பில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாங்களும் இதையேதான் கேட்டோம். ஆனால் பதில் தெரியாமலே பேரவையில் கை தூக்கும்போது தவறான தீர்மானங்கள் நிறைவேறிவிடுகின்றன. அதனால் இந்த முறை கூட்டத்துக்கு முன்பே எழுதுகிறேன். கூட்டத்துக்கு வராமல் இருப்பது, கணக்கைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் இந்த ஆண்டின் கணக்கு. நிகர லாபம் 8 லட்சம். நம் துணைவிதிப்படி அதில் கால் பங்கு, அதாவது 2 லட்சம், காப்பு நிதிக்குப் போகிறது. கூட்டுறவுக் கல்வி நிதி போன்ற கட்டாயப் பங்களிப்புகளுக்கு 40,000. மீதி இருப்பது 5,60,000. அதில் 40 லட்சம் பங்கு மூலதனத்துக்கு 10 சதவீதம் பங்கு ஈவு கொடுத்தால் 4 லட்சம் ஆகிறது. எஞ்சிய 1,60,000 ரூபாயைப் பொதுநல நிதிக்கும் கட்டட நிதிக்கும் பிரித்து வைக்க நிர்வாகக் குழு பரிந்துரைத்திருக்கிறது.

10,000 ரூபாய் பங்கு வைத்திருக்கும் ஒருவருக்கு 1,000 ரூபாய் கிடைக்கும். காப்பு நிதியே வேண்டாம் என்று அந்த 2 லட்சத்தையும் பிரித்துக் கொடுத்தால் அவருக்குக் கூடுதலாக வருவது 500 ரூபாய். நாம் விவாதிப்பது இந்த 500 ரூபாயைப் பற்றித்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

## நம் பங்கைக் கம்பெனிப் பங்கு போல நினைப்பது

"என் மச்சான் ஷேர் வாங்கியிருக்கிறான். அந்தக் கம்பெனி லாபத்தில் இவ்வளவு எடுத்து வை என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லையே" என்றார் ஓர் உறுப்பினர். அவர் சொன்னது உண்மை. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, ஈவுத்தொகை அறிவிப்பதற்கு முன் எவ்வளவு காப்பு நிதிக்கு மாற்றுவது என்பதைக் கம்பெனியே முடிவு செய்துகொள்ளலாம். பிறகு ஏன் கூட்டுறவுச் சங்கத்துக்கு மட்டும் இந்தக் கட்டாயம்?

கம்பெனிப் பங்கை வைத்திருப்பவர் வெளியேற நினைத்தால் அதை இன்னொருவருக்கு விற்கிறார். கம்பெனிக்குள் வந்த பணம் கம்பெனியிலேயே இருக்கிறது. நம் சங்கத்தில் அப்படி இல்லை. ஓய்வு பெறும் உறுப்பினர் தன் பங்குத்தொகையைச் சங்கத்திடம்தான் திரும்பக் கேட்பார். சங்கம் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதாவது, நம் பங்கு மூலதனம் ஆட்களோடு சேர்ந்து வாசலைத் தாண்டிப் போய்விடும்.

அடுத்த மூன்று ஆண்டுகளில் நம் ஆலையில் ஓய்வு பெறப்போகிறவர்களில் 60 பேர் நம் உறுப்பினர்கள். ஆளுக்கு 10,000 என்று வைத்தாலே 6 லட்சம் வெளியே போகும். அவர்களுடைய சிக்கன வைப்பு இதற்குள் வரவில்லை, அது தனி. புதிதாக ஆள் எடுப்பது குறைந்துவிட்ட இந்தக் காலத்தில் அந்த 6 லட்சம் புதிய பங்காகத் திரும்பி வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. யாருடைய பெயரிலும் இல்லாத, யாரும் திருப்பிக் கேட்க முடியாத சொந்தப் பணம் என்று சங்கத்துக்கு இருப்பது காப்பு நிதி மட்டும்தான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். வங்கி முடங்கினால் ஒருவருக்கு 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. 2020இல் அந்த வரம்பை உயர்த்தினார்கள். கூட்டுறவு வங்கிகளுக்கும் அது பொருந்தும். ஆனால் நம்மைப் போன்ற சிக்கன நாணயச் சங்கங்கள் வங்கி அல்ல, அந்தக் காப்பீடு நமக்கு இல்லை. மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் உங்கள் சிக்கன வைப்புக்கு முன்னால் நின்று நட்டத்தைத் தாங்க வேண்டியது முதலில் காப்பு நிதி, அது போதாவிட்டால் பங்கு மூலதனம். அதற்கும் மேல் நட்டம் வந்தால் அது வைப்புத்தொகையைத்தான் தொடும்.

## பங்கு ஈவை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற லாபத்தைத் தேடுவது

இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். எத்தனை ஆண்டுகள் ஆனாலும் இதை நினைத்தால் எனக்குக் கோபம் அடங்குவதில்லை. எங்கோ நடந்ததும் இல்லை, நம் வட்டாரத்திலேயே வேறோர் ஆலையின் பணியாளர் சங்கத்தில் நடந்தது. பின்னாளில் அவர்களுடைய கணக்கைச் சீர்செய்ய உதவி கேட்டு என்னைக் கூப்பிட்டார்கள். அதனால் பேரேடுகளைப் பக்கம் பக்கமாகப் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சங்கத்தின் பங்கு மூலதனம் 50 லட்சம். ஒரு பேரவையில், "இனி எந்த ஆண்டும் 14 சதவீதத்துக்குக் குறையக் கூடாது" என்று உறுப்பினர்கள் கைதட்டிக் கேட்டார்கள், நிர்வாகக் குழுவும் தலையாட்டிவிட்டது. அடுத்த தேர்தலில் நிற்க வேண்டியவர்களுக்கு மறுக்க மனம் வரவில்லை.

இனி கணக்கைப் பாருங்கள், எண்களைப் புரிவதற்காக முழு எண்ணாக்கித் தருகிறேன். 14 சதவீதம் என்றால் 7 லட்சம் வேண்டும். காப்பு நிதிக்குக் கால் பங்கும் மற்றப் பங்களிப்புகளுக்கு 5 சதவீதமும் போன பிறகு 7 லட்சம் மிஞ்ச வேண்டுமானால் நிகர லாபம் 10 லட்சமாக இருக்க வேண்டும். உண்மையில் அந்த ஆண்டின் லாபம் 6 லட்சம். நேர்மையாகப் பிரித்திருந்தால் 4,20,000 கிடைத்திருக்கும், 8 சதவீதத்துக்குச் சற்று மேல் கொடுத்திருக்கலாம். அதுவொன்றும் மோசமான ஈவு இல்லை. ஆனால் தீர்மானம் 14 என்று சொல்லிவிட்டதே. ஆகவே குறைகிற 4 லட்சத்தை எங்கிருந்தாவது வரவழைக்க வேண்டியதாயிற்று.

அதை புக் அட்ஜஸ்ட்மென்ட் மூலம் வரவழைத்தார்கள். தவணை கட்டாமல் நிலுவையில் இருந்த சிலரை அழைத்து, அவர்கள் பெயரில் புதிய கடன் போட்டு, பழைய கடனையும் அதன் வட்டியையும் அந்தப் புதிய கடனிலிருந்தே வசூலானதாக எழுதினார்கள். ஒருவர் கையிலிருந்தும் ஒரு ரூபாய்கூட வரவில்லை. ஆனால் ஏட்டில் பழைய கடன் முடிந்துவிட்டது, வட்டி வரவாகிவிட்டது, தவணை தவறியோர் பட்டியலும் சுருங்கிவிட்டது. நிலுவையில் இருக்கும் கடனின் வட்டியை, அது பணமாகக் கைக்கு வரும் வரை லாபத்தில் சேர்க்காமல் தனியே ஒதுக்கி வைப்பதுதான் முறை. இங்கே கடனே நிலுவையில் இல்லை என்று ஏடு சொன்னதால் அந்த ஒதுக்கீட்டுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. 4 லட்சம் ரூபாய் வட்டி வருமானம் பிறந்தது. நிகர லாபம் 10 லட்சம் ஆனது.

பிறகு எல்லாம் விதிப்படிதான். காப்பு நிதிக்கு 2,50,000, பங்களிப்புகளுக்கு 50,000, உறுப்பினர்களுக்கு 14 சதவீதம், 7 லட்சம். பேரவையில் மாலையெல்லாம் போட்டார்கள். "காப்பு நிதியையும் ஒதுக்கிவிட்டுத்தானே கொடுத்தோம்" என்று இன்றைக்கும் வாதாடுகிறவர்கள் உண்டு.

அந்த வாதத்தில்தான் ஓட்டை இருக்கிறது. பங்கு ஈவும் பங்களிப்பும் ரொக்கமாக வெளியே போகின்றன, 7,50,000. உண்மையாகச் சம்பாதித்ததோ 6 லட்சம். மீதி 1,50,000 எங்கிருந்து வந்தது? உறுப்பினர்கள் மாதாமாதம் போட்ட சிக்கன வைப்பிலிருந்து வந்தது. தங்கள் சேமிப்பிலிருந்தே ஒரு துண்டை எடுத்து, அதற்கு டிவிடெண்ட் என்று பெயர் வைத்து வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் அந்த 2,50,000 காப்பு நிதி? அது வராத வட்டியில் ஒதுக்கியது. எண் இருந்தது, பணம் இல்லை.

ஓர் ஆண்டு இப்படிச் செய்தால் அடுத்த ஆண்டு நிறுத்த முடியாது. வட்டி சேர்ந்த புதிய கடன் முன்னதைவிடப் பெரியது. அதற்கு வரும் வட்டியும் பெரியது. அதை மூட இன்னும் பெரிய கடன். தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் 14 சதவீதம் கொடுத்தார்கள். அந்த ஐந்தாண்டில் அந்தச் சங்கத்தின் கடன் நிலுவை ஏறிக்கொண்டே போனது, ஆனால் உறுப்பினர்களுக்குப் புதிதாகக் கடன் கிடைப்பது குறைந்துகொண்டே வந்தது. அதைக் கேட்டவர்களிடம், "மத்தியக் கூட்டுறவு வங்கியில் காசுக்கடன் வரம்பு முடிந்துவிட்டது" என்று பதில் சொன்னார்கள். அதுவும் உண்மைதான். ஈவு கொடுத்த மாதங்களில்தான் அந்த வரம்பிலிருந்து பணம் எடுத்திருந்தார்கள்.

அப்புறம் ஆலைக்கு நெருக்கடி வந்தது. சில மாதங்கள் சம்பளத்தில் பிடித்த தவணையை நிர்வாகம் சங்கத்துக்கு அனுப்பவில்லை. இப்படித் தாமதமாவது பணியாளர் சங்கங்களுக்குப் புதிதல்ல. உண்மையான காப்பு நிதி வைத்திருக்கும் சங்கம் அதை வைத்து வங்கித் தவணையைக் கட்டும், ஓய்வு பெறுபவர்களுக்குக் கணக்கை முடிக்கும், மூச்சுப் பிடித்துக் கடந்துவிடும். அங்கே கையில் எதுவும் இல்லை. வங்கிக்குத் தவணை தவறியது, அபராத வட்டி ஏறியது, செய்தி பரவியதும் எல்லோரும் வைப்பைத் திருப்பிக் கேட்டு வரிசையில் நின்றார்கள். அந்த ஆண்டு ஓய்வு பெற்றவர்களுக்குத்தான் பெரிய அடி. முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்த ஒரு ஃபிட்டர், தன் சிக்கன வைப்பைச் சிறு தவணைகளாக வாங்க ஒவ்வொரு மாதமும் பேருந்து ஏறி வந்து போனார். பங்குத்தொகை பற்றிக் கேட்டபோது, நட்டக் கணக்கு தெளிவாகும் வரை காத்திருக்கச் சொன்னார்கள். ஐந்து ஆண்டில் அவருக்குக் கூடுதலாகக் கிடைத்த ஈவைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10,000 ரூபாய் பங்குக்கு ஆண்டுக்கு 560 ரூபாய், ஐந்து ஆண்டுக்கு 2,800. மாதாமாதம் அலைந்த பேருந்துக் கட்டணமும் அதில்தான் போயிற்று.

தணிக்கையில் இது தெரியாதா என்று கேட்பீர்கள். தணிக்கையாளர் பட்டியலைப் பார்த்து அதிலிருந்து சில கணக்குகளைச் சோதிக்கிறார். பட்டியலே சுருக்கித் தரப்பட்டால் அவருக்குத் தெரிய ஓரிரு ஆண்டுகள் ஆகும். அங்கேயும் பிறகு தணிக்கைதான் கண்டுபிடித்தது, ஆனால் அதற்குள் ஈவு எல்லோர் வீட்டிலும் செலவாகிவிட்டது.

ஆகவே நீங்களே பார்க்க வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. வட்டி வருமானம் நல்ல ஆண்டிலும் கெட்ட ஆண்டிலும் மாறாமல், ஈவு விகிதமும் அசையாமல் நின்றால் சந்தேகப்படுங்கள். லாபம் ஏறி இறங்கும், ஈவும் அப்படித்தான் ஏறி இறங்க வேண்டும். கடன் நிலுவை வளர்கிறது, ஆனால் உங்களைச் சுற்றி யாருக்கும் புதுக்கடன் கிடைக்கவில்லை என்றால், வளர்ந்தது கடன் இல்லை, கட்டாத வட்டி. ஈவு வழங்கிய மாதத்தில் வங்கிக் காசுக்கடன் கூடியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். இதைக் கேட்க உறுப்பினர் எவருக்கும் உரிமை உண்டு.

நம் பேரவையில் இந்த முறையும் "குறைந்தது 14" என்று ஒரு தீர்மானம் கொண்டுவரப் போவதாகக் கேள்விப்பட்டேன். உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன், விகிதத்தை முன்கூட்டிக் கட்டிவைக்கும் எந்தத் தீர்மானத்துக்கும் கை தூக்காதீர்கள். தணிக்கை உறுதி செய்த லாபத்திலிருந்து கீழ்நோக்கிக் கழித்துக்கொண்டு வந்து, கடைசியில் நிற்கிற தொகையிலிருந்துதான் ஈவு பிறக்க வேண்டும்.

## காப்பு நிதியைச் சங்கத்துக்குள்ளேயே சுழல விடுவது

"18 லட்சம் காப்பு நிதி சும்மா கிடக்கிறது, அதையும் எங்களுக்குக் கடனாகக் கொடுங்கள்" என்பார்கள். நம் காப்பு நிதி சும்மா கிடக்கவில்லை. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியில் தனி வைப்பாக, சங்கத்தின் அன்றாட வரவு செலவுக்கு வெளியே இருக்கிறது. 7 சதவீத வட்டியில் இந்த ஆண்டு அது ஈட்டித் தந்தது 1,26,000 ரூபாய். நீங்கள் பார்க்கும் 8 லட்சம் லாபத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அந்தப் பழைய காப்பு நிதி சம்பாதித்தது. முன்னால் இருந்த உறுப்பினர்கள் ஆளுக்குச் சில நூறு ரூபாயை விட்டுக்கொடுத்ததால்தான் இன்றைய ஈவிலும் ஒரு பகுதி வருகிறது.

அதை உறுப்பினர் கடனில் போட்டால் என்ன ஆகும்? கடன்கள் திரும்பாத நாளில்தான் காப்பு நிதி தேவைப்படும். அந்த நாளில் அதுவும் திரும்பாத கடனாகவே இருக்கும். நான் மேலே சொன்ன சங்கத்தில், காகிதத்தில் எழுதியது போக, அதற்கு முன்பு உண்மையாகச் சேர்த்த காப்பு நிதியும் இருந்தது. அதைக் கடனில் போட்டிருந்தார்கள்.

## வாராக்கடன் ஒதுக்கீடு இருக்கிறதே, காப்பு நிதி எதற்கு என்பது

ஒதுக்கீடு தெரிந்த நட்டத்துக்கு. காப்பு நிதி தெரியாத நட்டத்துக்கு.

## ஓய்வு பெறும்போது காப்பு நிதியிலும் பங்கு கேட்பது

கிடையாது.

சற்றுக் கடுமையாகத் தோன்றும், அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் கிராமக் கடன் சங்கங்களைத் தொடங்கிய ரைஃபைசன், லாபத்தை உறுப்பினர்களுக்குப் பிரிக்காமல், பிரிக்கவே முடியாத பொது நிதியாகச் சேர்க்க வேண்டும் என்று வைத்தார். சென்னை மாகாண அரசுக்காக 1890களில் அறிக்கை எழுதிய ஃபிரெடரிக் நிக்கல்சன் அந்த முறையைத்தான் இங்கே பரிந்துரைத்தார். 1904இல் முதல் சட்டம் வந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தில், நிகர லாபத்தில் குறைந்தது நான்கில் ஒரு பங்கைக் காப்பு நிதிக்கு எடுத்து வைத்த பிறகே மீதியிலிருந்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கலாம் என்று எழுதினார்கள். பல மாநிலங்களில் இயங்கும் சங்கங்களுக்கான 2002ஆம் ஆண்டுச் சட்டமும் அதே 25 சதவீதத்தைக் கேட்கிறது. அதோடு எதிர்பாராத நட்டத்துக்கென்று இன்னும் 10 சதவீதத்தைத் தனியாக வைக்கச் சொல்கிறது. நம் துணைவிதியில் உள்ள கால் பங்கும் இந்த வழியில் வந்ததுதான், நிர்வாகக் குழு கண்டுபிடித்தது இல்லை.

இந்த நிதி யார் பெயரிலும் பிரியாமல் இருப்பதால்தான், இருக்கிறவர்கள் கூடிப் பேசி, சங்கத்தைக் கலைத்துச் சொத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்ற ஆசை எழாமல் இருக்கிறது. நீங்கள் சேரும்போது, முன்னால் ஓய்வு பெற்றவர்கள் விட்டுப்போன காப்பு நிதியின் பலன் உங்களுக்கும் கிடைத்தது. அதற்கு நீங்கள் விலை எதுவும் கொடுக்கவில்லை. முகமதிப்பில்தான் பங்கு வாங்கினீர்கள், முகமதிப்பில்தான் திரும்பப் பெறுவீர்கள்.

## கட்டட நிதியையும் இதையும் குழப்புவது

கட்டட நிதி செலவழிப்பதற்காகச் சேர்ப்பது. பெயர் "நிதி" என்று இருப்பதால் இரண்டையும் கூட்டி, "இவ்வளவு வைத்திருக்கிறார்களே" என்று பேசாதீர்கள்.

## பேரவைக்கு வரும்போது

லாபப் பிரிவினை அட்டவணை அறிக்கையின் பின்பக்கத்தில் இருக்கிறது. அதன் அருகில் மூன்று எண்களை இந்த ஆண்டு பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்லியிருக்கிறேன்: தவணை தவறிய கடன், அந்தக் கடன்மேல் வர வேண்டிய வட்டிக்கு வைத்த ஒதுக்கீடு, காப்பு நிதியில் எவ்வளவு வங்கி வைப்பாக இருக்கிறது என்பது. மூன்றாவது எண்ணும் காப்பு நிதியின் மொத்தத் தொகையும் பொருந்த வேண்டும். வங்கியின் வைப்புச் சான்றுகளை மேசையில் வைத்திருப்பேன், எடுத்துப் பார்க்கலாம்.

தீர்மானம் நிறைவேறினால் 10 சதவீத ஈவு உங்கள் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கப்படும். கணக்கு எண் மாறியவர்கள் கூட்டத்துக்கு முன்பே எழுத்தரிடம் கொடுத்துவிடுங்கள். இறந்துபோன உறுப்பினர்களின் வாரிசுதாரர்கள் நியமனப் படிவத்தின் நகலோடு வரட்டும்.

இப்படிக்கு,
செயலாளர்